தக்காளியில் இரண்டு மேடு

மாதப் பிறப்பன்று வீட்டுச் செலவுக்கு அண்ணி கேட்ட தொகையைக் காதில் வாங்கியதும் அப்பா பர்ஸைத் திறக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழாய், தாழ்ப்பாள், நட்டு, போல்ட்டு என்று ஆயுசு பூராவும் மொத்த வியாபாரம் செய்தவர் அவர். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் எதிரில் நிற்பவர் விலையை இறக்கத் தயாராக வேண்டும் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த செய்தி. அண்ணிக்கும் தெரியும். இருந்தாலும் இறக்கவில்லை.

“போன மாசமும் இதே கேட்டியேம்மா.”

“செலவும் அதேதானே மாமா.”

“போன வருஷம் இப்படி இல்லையே. ரெண்டாயிரம் ஏறியிருக்கு.”

“ஏறித்தான் இருக்கு,” என்றாள் அண்ணி. ஏன் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வியாபாரிகள் காரணம் கேட்பதில்லை; கேட்டால் எதிராளி ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவான், அப்புறம் விலையை இறக்க முடியாது. பணத்தை எண்ணிக் கொடுத்தார். அண்ணி அதை இன்னொரு தரம் எண்ணி வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் அப்பா தன் மகளைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் அவளுக்குப் புள்ளி என்று பெயர். கல்லூரி முடித்த கையோடு ஆன்லைனில் தரவுப் பகுப்பாய்வு படிக்கிறேன் என்று லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்தவளுக்கு அவள் அண்ணன் வைத்தது. புள்ளிவிவரம் என்று முழுசாகக் கூப்பிட அவனுக்குச் சோம்பல்.

“ஏதோ ப்ராஜெக்ட் பண்ணணும், சொந்தமா ஒரு தகவல் வேணும்னு சொல்லிட்டிருந்தியே. கெடச்சுதா?”

“இன்னும் இல்லப்பா. எல்லாரும் கிரிக்கெட் ஸ்கோரும் மழை அளவும் எடுக்கறாங்க. அதையே நானும் எடுத்தா எவன் பார்ப்பான்.”

“வீட்டுச் செலவை எடு. ஒரு வருஷத்துக்கு. எங்க ஏறுது, எப்ப ஏறுச்சு, யாரால ஏறுச்சு. மூணும் எனக்கு வேணும்.”

“யாரால-ங்கறது எதுக்குப்பா?”

அப்பா வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். பேருந்து நிலையத்துக்கு எதிரே தங்களுடைய இரண்டாவது கடையைத் திறக்கப் போகிறார்கள். அங்கே கல்லாவில் அண்ணியை உட்கார வைப்பதாக அவரே வாயால் சொல்லியிருந்தார். அண்ணி மருந்துக் கடையில் பார்க்கும் பில் போடும் வேலையை விடுவதற்கு எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து முடிவு செய்வதாக ஏற்பாடு.

“வீட்டுப் பணத்துல ரெண்டாயிரத்துக்குக் காரணம் சொல்லாதவ, கடைப் பணத்துல என்னத்தச் சொல்லுவா? சந்தேகம்னு சொல்லல. சரக்கு வாங்கறதுக்கு முந்தி தட்டிப் பார்க்கறோம்ல, அது மாதிரி.”

கணக்கு எங்கே இருக்கிறது என்பது பிரச்சினையே இல்லை. ‘வீட்டுச் செலவு’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. யார் எதை வாங்கினாலும் அதில் போட வேண்டும். மாதக் கடைசியில் அண்ணி கூட்டிப் பார்ப்பாள். புள்ளி அந்த உரையாடல் முழுவதையும் கோப்பாக இறக்கி, விரிதாளில் கொட்டினாள். தேதி, நேரம், அனுப்பியவர், செய்தி என்று நான்கு பத்திகள். பார்க்க அழகாகத்தான் இருந்தது, படிக்கிற வரை.

அம்மா தினமும் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் அனுப்பியிருந்தாள். அவற்றை எல்லாம் நீக்கினால் அம்மாவின் பங்களிப்பு பாதியாகக் குறைந்தது. அண்ணன் ‘சோப்பு வாங்கிட்டேன்’ என்று போட்டுவிட்டு விலையை மறுநாள் போடுவான். அதுவும் வெறும் எண்ணாக, எதற்கு என்ற விளக்கமே இல்லாமல். எரிவாயு சிலிண்டரை ஒரு மாதம் அம்மாவும் போட்டிருந்தாள், அண்ணனும் போட்டிருந்தான், வந்தது ஒன்றுதான். ஒரே செய்தியில் நான்கு சாமான்களை வரி வரியாக எழுதியிருந்தால் விரிதாளில் முதல் வரிக்கு மட்டும் தேதி நிற்கும்; மற்ற மூன்றும் அநாதைகளாக அடுத்த கட்டங்களில் கிடக்கும். ஒவ்வொன்றையும் தூக்கி அதனதன் இடத்தில் வைத்து, சாமான், அளவு, விலை என்று தனித்தனிப் பத்தியாகப் பிரிக்க இரண்டு நாள் பிடித்தது. ஆராய்ச்சி என்றால் வரைபடம் போடுவது என்று நினைத்து வந்தவளுக்கு, அது பெரும்பாலும் பெருக்கித் துடைக்கும் வேலை என்று தெரிந்தது.

“வேலைக்காரி வேலை பார்க்கறதுக்கா அவ்வளவு ஃபீஸ் கட்டினோம்,” என்று அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் கூட்டல் போட்டாள். மாதம் வாரியாக, வகை வாரியாக. மின்சாரம், பால், எரிவாயு, மளிகை, சோப்பு வகையறா எல்லாம் கொஞ்சம் ஏறி இறங்கி ஒரே மட்டத்தில் ஓடின. காய்கறியும் பழமும் மட்டும் ஆறு மாதத்துக்கு முன் ஒரு படி ஏறி, ஏறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டன. அதிகமாகத் தின்கிறார்களோ என்று கிலோவைக் கூட்டிப் பார்த்தாள். கிலோ மாறவில்லை. விலைதான் மாறியிருந்தது.

அந்த மாதம் வீட்டில் என்ன மாறியது என்று யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. அண்ணி மருந்துக் கடை வேலைக்குச் சேர்ந்த மாதம் அது.

அத்தோடு நிறுத்திவிடலாம் என்று புள்ளிக்குத் தோன்றியது. இருந்தாலும் மேலே போனாள். விலையைக் கிலோவால் வகுத்து, அனுப்பியவர் வாரியாகச் சராசரி எடுத்தாள். தக்காளி: அம்மாவுக்கும் அண்ணனுக்கும் ஏறக்குறைய ஒரே விலை. அண்ணிக்கு மட்டும் கிலோவுக்கு ஆறு ஏழு அதிகம். வெங்காயம், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாவற்றிலும் அதே கதை. அண்ணி போட்ட வரிகளில் இருந்த அதிகத்தை மட்டும் திரட்டினால் மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. அப்பா கண்ணாடியைத் துடைத்த அதே இரண்டாயிரம்.

எண்கள் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தும்போது யாருக்கும் வாய் சும்மா இருக்காது. புள்ளி லேப்டாப்போடு நேராக அப்பாவிடம் போனாள்.

அப்பா திரையைப் பார்க்கவில்லை. குழுவையும் அவர் திறப்பதில்லை. அவருக்குக் கைபேசி என்பது பேசுவதற்கு மட்டும். “தொட்டா ஒண்ணு வரணும், மூணு வருது” என்று தட்டச்சை எப்போதோ கைகழுவிவிட்டார். மகள் சொன்னதைக் காதால் கேட்டார். கேட்கக் கேட்க முகத்தில் ஒருவகைத் திருப்தி பரவியது. தட்டிப் பார்த்த பானையில் ஓட்டைச் சத்தம் கேட்டவனின் திருப்தி.

“காய்கறியிலயா,” என்றார். “பாரேன். காய்கறியில கைவைக்கறவ கெட்டிக்காரி. பில்லு கிடையாது, காலையில ஒரு விலை, சாயந்தரம் ஒரு விலை. கேக்க முடியாது.”

“கைவைக்கறாங்கன்னு நான் சொல்லலப்பா. அதிகமா இருக்குன்னுதான் சொன்னேன்.”

“ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?” என்று கேட்டார் அப்பா. “ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் காட்டு. நான் வாயத் திறக்க மாட்டேன். உன் படம் பேசட்டும்.”

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. அண்ணியின் செருப்பு பளபளத்தது, புதுசா, துடைத்ததா? அண்ணி யாரிடமோ போனில் “சரி, போட்டுடறேன்” என்றாள், எதை? அண்ணி புள்ளிக்குத் தட்டில் ஒரு கரண்டி அதிகமாக வைத்தாள். எதற்காக இந்தக் கவனிப்பு? சந்தேகம் என்பது கண்ணாடி மாதிரி. போட்டுக்கொண்டால் அதன் வழியாகத்தான் உப்புக்கூடத் தெரியும்.

அண்ணனை ஓரங்கட்டிக் கேட்டாள். “அண்ணா, அண்ணி தனியா ஏதாவது சேத்து வைக்கறாங்களா?”

“என் சம்பளத்தையே சேத்து வைக்கறா. எங்கன்னுதான் தெரியல,” என்றான் அண்ணன். பிறகு சிரிப்பு நின்றது. “ஏன் கேக்கறே?”

“சும்மா.”

“புள்ளி, நீ சும்மா கேக்கற ஆள் இல்ல. அப்பாகிட்ட ஏதோ காட்டினியாமே. ஏதாவது இருந்தா எனக்கு முதல்ல சொல்லு. அவ முன்னாடி நான் முழிச்சுக்கிட்டு நிக்கக் கூடாது.” கட்டினவளைப் பற்றி அவனும் கொஞ்சம் எடை போட்டுப் பார்க்க ஆரம்பித்துவிட்டான் என்பது அவன் குரலில் தெரிந்தது. அதைக் கேட்டபோது புள்ளிக்கு முதல்முறையாகத் தன் வரைபடத்தின் மேல் எரிச்சல் வந்தது.

வியாழக்கிழமை வந்தது; ஞாயிறு போலவே அன்றும் அண்ணிக்கு விடுமுறை. துணி மடித்துக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“அண்ணி, குழுவுல காய்கறிக் கணக்கு எல்லாம் நீங்கதானே போடறீங்க?”

“என் பேருதானே இருக்கு அதுல.”

“வாங்கறதும் நீங்கதானா?”

அண்ணியின் கை ஒரு சட்டையின் மேல் நின்றது. பிறகு காலரைச் சரிசெய்து மடித்தது. “என்ன, துப்பறியறியா?”

“ப்ராஜெக்ட்டுக்கு.”

“ப்ராஜெக்ட்டுக்கு எண்ணு போதும். ஆளு எதுக்கு?” என்று கட்டில்மேல் கிடந்த தன் கைபேசியைத் திருப்பிப் போட்டாள். “ஞாயித்துக்கிழமை என்ன கேக்கணுமோ மாமாவே கேக்கட்டும். பதில் வச்சிருக்கேன்.”

பதில் வைத்திருக்கிறாளாம். குற்றமில்லாதவர்கள் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்கள்? புள்ளி எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. சராசரி என்பது எல்லாவற்றையும் ஒரு சட்டியில் போட்டுக் கலக்கிவிடும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவள் கலக்கியதை மட்டும்தான் பார்த்திருந்தாள். அண்ணியின் தக்காளி வரிகளைத் தனியாக எடுத்தாள். விலைவாசி வாரத்துக்கு வாரம் மாறும் என்பதால், அந்தந்த வாரம் அம்மாவும் அண்ணனும் வாங்கிய விலையிலிருந்து அண்ணியின் விலை எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று கழித்துப் பார்த்து, அந்த வித்தியாசங்கள் எத்தனை முறை வருகின்றன என்று பட்டைகளாக வரைந்தாள்.

ஒருவர் எப்போதும் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் பட்டைகள் ஒரே மேடாக, கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். இங்கே இரண்டு மேடு இருந்தது. சின்ன மேடு ஒன்று பூஜ்யத்தின் மேலேயே உட்கார்ந்திருந்தது: அம்மா, அண்ணன் வாங்கிய அதே விலை. பெரிய மேடு எட்டிலும் பத்திலும் நின்றது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஒரே ஆள் ஒரே கடையில் சில நாள் நேர்மையாகவும் சில நாள் திருட்டுத்தனமாகவும் வாங்குவதென்றால், அவளுக்கு அதற்கு ஒரு அட்டவணை இருக்க வேண்டும்.

அட்டவணையும் இருந்தது. சின்ன மேட்டின் வரிகள் எல்லாம் வியாழன், ஞாயிறு. பெரிய மேட்டின் வரிகள் எல்லாம் மற்ற நாட்களில், காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள். பெரிய மேட்டின் விலைகள் இன்னொரு விதத்திலும் வித்தியாசமாக இருந்தன. எல்லாமே ஐந்திலோ பூஜ்யத்திலோ முடிந்தன. சின்ன மேட்டில் முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு என்று கடித்து வாங்கிய விலைகள். பேரம் பேசினவர்களின் விலைக்குப் பல் அடையாளம் இருக்கும். பெரிய மேட்டில் பல்லே படவில்லை. கடைக்காரன் முதலில் சொன்ன விலை அப்படியே.

காலை ஒன்பதிலிருந்து பத்துக்குள் அண்ணி எங்கே இருப்பாள்? மருந்துக் கடையில், பில் போடும் இயந்திரத்துக்குப் பின்னால்.

அப்படியென்றால் தக்காளி எப்படி வீட்டுக்கு வந்தது?

புள்ளி தலையில் கைவைத்துக்கொண்டாள். பை எப்படி வந்தது என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், சுவர்க்கடிகாரம் எங்கே மாட்டியிருக்கிறது என்று தெரிவதுபோல. அண்ணி வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, முழங்காலுக்கு நல்லது என்று டாக்டர் சொன்ன நடையைச் சாக்காக வைத்து, அவள் வேலைக்குப் போகும் நாட்களில் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போவது அப்பா. குளிர்சாதனப் பெட்டியின்மேல் அண்ணி வைக்கும் டப்பாவிலிருந்து பணம் எடுப்பார். மிச்சத்தைத் திரும்பப் போடுவார். அவருக்குத் தட்டச்சு ஆகாது. அண்ணிக்குப் போன் போட்டுச் சொல்வார். அண்ணி கையில் இருக்கும் வேலையோடு வேலையாகக் குழுவில் போடுவாள். விரிதாளில் இருந்த பத்தியின் பெயர் ‘அனுப்பியவர்’. அதைப் புள்ளி ‘வாங்கியவர்’ என்று படித்துவிட்டாள். அப்பாவின் பெயரில் ஒரு வரிகூட இல்லாததால், அப்பா என்று ஒருவர் செலவு செய்வதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

இன்னொரு முறை வாயைக் கொடுக்க அவள் தயாராக இல்லை. சனிக்கிழமை காலை, அப்பா பையோடு இறங்கியதும் பின்னாலேயே போனாள்.

சந்தையில் அவரைப் பார்க்கக் கண்கொள்ளாக் காட்சியாக இருந்தது. வீட்டில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர், தக்காளிக்காரியின் தார்ப்பாய் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“கிலோ அம்பதா? தங்கத்துல பண்ணினதா?”

“தெனமும் இதையே கேக்கறீங்க. நானும் தெனமும் இல்லன்னு சொல்றேன்.”

“நாப்பது.”

“எனக்கே அதுல கட்டாது பெரியவரே.”

அப்பா எழுந்து இரண்டு தக்காளியைத் திரும்ப வைத்தார், குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் போகிறவரைப் போல. “வர்றேன்.”

“எங்க போவீங்க, அங்கயும் இதே விலைதான். சரி, எடுங்க. போணி நேரத்துல.”

பணம் கொடுத்தார். மீதி நோட்டுகளைப் பிரித்து, டப்பாவுக்குப் போக வேண்டியதைப் பையின் ஓரத்திலும், மற்றதைச் சட்டையின் உள்பாக்கெட்டிலும் வைத்தார். அந்தக் கை ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. பிறகு கைபேசியைக் காதில் வைத்தார்.

“ம்மா, குறிச்சுக்கோ. தக்காளி ரெண்டு கிலோ. அம்பது வீதம் நூறு.”

திரும்பினார். மகள் நின்றிருந்தாள்.

“வாக்கிங்கா?” என்றார் அப்பா.

“நாப்பதுன்னு காதுல விழுந்துதுப்பா.”

“விழுந்திருக்கும். சத்தமாத்தானே பேசினேன்.” கொஞ்சமும் அசரவில்லை. அவளைத் தள்ளிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். அங்கே ஓய்வு பெற்ற பழைய வியாபாரிகள் நாலைந்து பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். எல்லோருக்கும் டீயும் பிஸ்கட்டும் சொல்லிவிட்டு, உள்பாக்கெட்டிலிருந்து பணம் எடுத்துக் கொடுத்தார். மகளைத் தனியாக ஒரு ஓரத்துக்குக் கூட்டிப் போனார்.

“கேட்டுக்கோ. ஒரு சரக்கைக் கேட்ட விலைக்கும் முடிச்ச விலைக்கும் நடுவுல இருக்கறது பேசினவனோட கூலி. எங்கப்பா கடையில எனக்கு அதுதான் சம்பளம். ஒரு பொருளை லாபம் இல்லாம வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனா எனக்கு ராத்திரி சோறு இறங்காது.”

“அப்ப அண்ணியைச் சந்தேகப்பட்டது எதுக்கு?”

“இது வேற, அது வேற. நான் எடுக்கறது அஞ்சு பத்து. அவ எடுக்கறது மாசம் ரெண்டாயிரம்.”

“அந்த ரெண்டாயிரம்தாம்பா உங்க அஞ்சு பத்து.”

அப்பா டீயை உதட்டருகில் கொண்டுபோனவர் அப்படியே நின்றார். ஊர் முழுக்கக் கூட்டல் போட்டவர், இதை மட்டும் கூட்டிப் பார்த்ததில்லை. கிலோவுக்குப் பத்து, பழத்துக்குப் பதினைந்து என்று உதட்டுக்குள் முணுமுணுத்தார். முணுமுணுப்பு முடிந்தபோது டீயில் ஆடை கட்டியிருந்தது.

“சரி,” என்றார். “என்ன விலை?”

“எதுக்கு?”

“நாளைக்கு நீ வாயை மூடறதுக்கு.”

“விலை எல்லாம் இல்ல. கல்லா அண்ணிக்கு. அவ்வளவுதான்.”

அப்பாவின் கண்ணில் பழைய வெளிச்சம் திரும்ப வந்தது. கண்ணாடியைக் கழற்றினார். “அதெப்படி? நான் சொன்ன விலையைக் குறிச்சவ அவ. வாரத்துக்கு ரெண்டு நாள் இதே தார்ப்பாயில வாங்கறவளும் அவ. அவளுக்கு விலை தெரியாதா? தெரியலன்னா மக்கு. தெரிஞ்சே குறிச்சான்னா கள்ளி. மக்கும் வேணாம், கள்ளியும் வேணாம் என் கல்லாவுல. நீ எதையும் மறைக்க வேணாம். எல்லாத்தையும் காட்டு. என்னையும் காட்டு. அப்புறம் நான் அவகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கறேன்.”

அதுவரை அண்ணி திருடவில்லை என்பது மட்டும்தான் புள்ளியின் கையில் இருந்தது. அண்ணிக்குத் தெரியுமா என்பது எந்தப் பத்தியிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு லேப்டாப்பை வைத்தாள். விரிதாளில் ‘வாங்கியவர்’ என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தாள். முதல் படத்தைக் காட்டி, இது தப்பு என்றாள்; ஏன் தப்பு என்றும் சொன்னாள். இரண்டு மேட்டைக் காட்டினாள். பெரிய மேட்டுக்கு வேறு நிறம் அடித்து, அதன்மேல் ‘அப்பா’ என்று எழுதியிருந்தாள்.

அம்மா நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டாள்.

“கல்யாணம் ஆன நாள்லருந்து நான் இவர்கிட்ட புடவை எடுக்கச் சொல்லிப் பணம் கொடுத்திருக்கேன்,” என்றாள் அம்மா மெதுவாக. “அதையும் ஒரு படம் போட முடியுமா?”

அண்ணன் சிரிக்கத் தொடங்கி, அப்பாவின் முகத்தைப் பார்த்து இருமலாக மாற்றிக்கொண்டான். மனைவியின் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

“ஆமா, எடுத்தேன்,” என்றார் அப்பா. பாராட்டுக் கூட்டத்தில் பதக்கம் வாங்குகிறவரின் குரலில்தான் சொன்னார். “அது என் கூலி. இப்ப நீ சொல்லும்மா. நான் சொன்னது ஏத்தின விலைன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“முதல் வாரத்துலயே தெரியும் மாமா,” என்றாள் அண்ணி.

அப்பா நாற்காலியில் சாய்ந்தார். “தெரிஞ்சும் குறிச்சே.”

“நீங்க சொன்னதைத்தான் குறிக்கணும். டப்பாவுல அவ்வளவுதான் குறையுது. குறைஞ்சதுக்குக் கம்மியாக் குறிச்சா மாசக் கடைசியில கணக்கு உதைக்கும். தக்காளிக்காரி முதல் வியாழக்கிழமையே என்கிட்ட சொல்லிட்டா, உங்க மாமா நாப்பதுக்குப் பேசிட்டுப் போனாரு, உனக்கும் அதேதான்னு.”

“அப்ப வீட்டுக்கு மாசம் ரெண்டாயிரம் நஷ்டம். பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தே.”

“வீட்டுக்கு என்ன நஷ்டம்?” அண்ணி மேசையில் விரலால் ஒரு கோடு போட்டாள். “டப்பாவுல ரெண்டாயிரம் குறைஞ்சுது. மாசப் பிறப்புல உங்ககிட்ட ரெண்டாயிரம் ஏத்திக் கேட்டேன். நீங்க கொடுத்தீங்க. நீங்க கொடுத்ததையே நீங்க கூலியா எடுத்தீங்க. உங்க பணம் உங்க பர்ஸ்லருந்து கிளம்பி, என் டப்பா வழியா உங்க உள்பாக்கெட்டுக்கு வந்துருச்சு. எனக்குப் பத்துப் பைசா நஷ்டமில்ல, லாபமும் இல்ல.”

அண்ணன் இப்போது மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அப்பாவின் உதடுகள் அசைந்தன. எங்காவது ஒரு இடத்தில் தனக்கு லாபம் நிற்கிறதா என்று தேடினார். தினமும் ஜெயித்துக்கொண்டு வீடு திரும்பியிருந்தார். மாதத்துக்கு ஒருமுறை தோற்றிருந்தார். இரண்டும் ஒரே பணம்.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றார் கடைசியில்.

“கேட்டா நீங்க சந்தைக்குப் போறதை நிறுத்துவீங்க. நான் வேலையில இருக்கேன். வீட்டுக்குக் கொண்டாந்து கொடுக்கற கடையில விசாரிச்சேன். காய் விலையும் அதிகம், கொண்டாரக் கூலியும் அதிகம். அதைவிட நீங்க மலிவு மாமா.”

அந்தக் கடைசி வார்த்தை அப்பாவை எங்கேயோ தொட்டது. அவமானமா மரியாதையா என்று அவராலேயே பிரிக்க முடியவில்லை என்று முகம் சொன்னது. மக்கும் இல்லை. கள்ளியும் இல்லை. மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு, அதை அவர் கடைத்தெருவில் எதிராளியாக மட்டுமே சந்தித்திருந்தார். மருமகளை முதல்முறை பார்ப்பதுபோலக் கூர்ந்து பார்த்தார். இத்தனை மாதம் கையில் இதை வைத்துக்கொண்டு, எந்த விலை வரட்டும் என்று காத்திருந்தாள்? இன்னும் என்னென்ன வைத்திருக்கிறாள்? புள்ளியும் அதையேதான் யோசித்தாள். கேட்கத் தோன்றவில்லை.

“கல்லா உனக்குத்தான்,” என்றார் அப்பா. “திறந்த நாள்லருந்து உக்காரு. சம்பளம் என்ன எதிர்பார்க்கறே?”

அண்ணி ஒரு தொகை சொன்னாள். மருந்துக் கடையில் வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு.

“வீட்டு மனுஷிக்கு எதுக்கும்மா அவ்வளவு,” என்று அப்பா அதில் பாதியைச் சொல்லிக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வீட்டு மனுஷின்னுதான் குறைச்சுச் சொன்னேன் மாமா.”

“நீ சொன்ன விலை எது, முடிக்கிற விலை எது, அதைச் சொல்லு.”

“இதுல ரெண்டு விலை இல்ல.”

“எல்லாத்துலயும் ரெண்டு விலை இருக்கு.”

அண்ணி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். மேசையிலிருந்த தம்ளர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எடுத்தாள். “அப்ப மருந்துக் கடையிலயே இருக்கேன் மாமா. அங்க காலையில நேரத்துக்குப் போகணும். கணக்கு இனிமே நீங்களே தட்டிப் போட்டுடுங்க, புள்ளி சொல்லித் தருவா,” என்று சமையலறைப் பக்கம் நடந்தாள். அவசரப்படவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

அப்பா வாயைத் திறக்கவில்லை. இந்த நடையை அவர் ஆயுசில் ஆயிரம் பேரிடம் போட்டிருக்கிறார். முதலில் கூப்பிடுகிறவன்தான் தோற்றவன் என்பது அவருக்குத் தெரியும். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அம்மா அவன் தொடையில் கிள்ளினாள். அண்ணியின் கை சமையலறைக் கதவின் நிலையைத் தொட்டது.

“ம்மா,” என்றார் அப்பா. “நில்லு. உக்காந்து பேசுவோம்.”